கையெழுத்திட்ட பிறகு திரும்பப் பெறப்படும் வேலை: அந்த மின்னஞ்சலை எழுதுவது எப்படி

ஆள்சேர்ப்பு நிறுத்தம் என்று மேலிடம் அறிவிக்கும் நாளில், எந்த நிறுவனத்தின் மனிதவளத் துறையிலும் மூன்று வகையானவர்களின் பட்டியல் இருக்கும். நேர்காணல் நடந்துகொண்டிருப்பவர்கள் ஒரு வகை. ஆஃபர் கடிதம் கைக்கு வந்தும் இன்னும் கையெழுத்திடாதவர்கள் இரண்டாம் வகை. கையெழுத்திட்டு, பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு, சேரும் நாளுக்காகக் காத்திருப்பவர்கள் மூன்றாம் வகை. முதல் இரு வகையினருக்கும் ஏமாற்றம்தான், ஆனால் அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். மூன்றாம் வகையினர் நிறுவனத்தின் எழுத்தை நம்பித் தங்கள் வாழ்க்கையில் சில காரியங்களைச் செய்து முடித்துவிட்டவர்கள். ஆஃபரைத் திரும்பப் பெறும் மின்னஞ்சல் உண்மையில் கடினமாவது இவர்களுக்கு எழுதும்போதுதான். அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அதிலுள்ள இரக்கச் சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு நான் மதிப்பிடுவதில்லை. நம்மை நம்பி இவர் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார் என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

முடிவு எப்படிக் கீழே வந்து சேர்கிறது என்பதை அறிந்தால், மின்னஞ்சலில் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பது விளங்கும். ஓரளவு பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு பணியிடத்துக்கும் நிதித் துறையின் ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதலை நிறுத்திவைப்பதே ஆள்சேர்ப்பு நிறுத்தம். புதிய இடங்களுக்கு மட்டும் அது பொருந்தலாம். காலியாக உள்ள இடங்கள் அனைத்துக்கும் பொருந்தலாம். ஏற்கெனவே கையெழுத்தான ஆஃபர்களை என்ன செய்வது என்பது பெரும்பாலும் தனி முடிவு. நிதித் துறை, சட்டப் பிரிவு, மனிதவளத் தலைமை ஆகிய மூன்றும் கூடிப் பேசி அந்த முடிவை எடுக்கச் சில நாட்கள் ஆகும். தேர்வானவரிடம் வாரக்கணக்கில் பேசி, சம்பளம் பேசி முடித்து, வரவேற்பும் சொன்ன ஆள்சேர்ப்பு அலுவலருக்கு அந்த முடிவில் பங்கில்லை. செய்தி அவருக்கே கடைசி நேரத்தில்தான் வரும்.

இந்த இடைப்பட்ட நாட்களில்தான் பெரிய சேதம் நேர்கிறது. நிறுத்தம் அறிவிக்கப்பட்டாகிவிட்டது, கையெழுத்தானவர்களின் நிலை தெரியவில்லை, அதே நேரத்தில் தேர்வானவர் திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறார். அப்போது அனுப்ப வேண்டியது இரண்டே வரிகள்: "நிறுவனத்தில் ஆள்சேர்ப்பு மறுபரிசீலனையில் இருக்கிறது. நான் உங்களை அழைத்துப் பேசும் வரை ராஜினாமா செய்வதையும் வேறு ஆஃபரை மறுப்பதையும் தள்ளிவையுங்கள்." முடிவு வராத நிலையில் சட்டப் பிரிவு இதற்கு எளிதில் தலையசைக்காது. ஆனாலும் அந்த ஒப்புதலுக்காக ஆள்சேர்ப்பு அலுவலர் விடாப்பிடியாக நிற்க வேண்டும் என்பேன். பிறகு எழுதும் எவ்வளவு அழகான கடிதமும், அன்றைக்கு அனுப்பாத இந்த இரண்டு வரிகளுக்கு ஈடாகாது.

பொதுவெளியில் நன்கு அறியப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. கிரிப்டோ நாணயப் பரிமாற்ற நிறுவனமான காயின்பேஸ் 2022 மே மாத நடுவில் ஆள்சேர்ப்பின் வேகத்தைக் குறைப்பதாக அறிவித்தது. ஜூன் தொடக்கத்தில் ஆள்சேர்ப்பு நிறுத்தத்தை நீட்டித்ததோடு, ஏற்கெனவே ஏற்கப்பட்டிருந்த ஆஃபர்கள் சிலவற்றையும் திரும்பப் பெற்றது. பணிநீக்கம் செய்யப்படுபவர்களுக்குரிய இழப்பீட்டுக் கொள்கையை இவர்களுக்கும் நீட்டிப்பதாகவும், வேறு வேலை தேட உதவும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்குவதாகவும் சொன்னது. அந்த முடிவைப் பற்றி எவ்வளவோ விமர்சிக்கலாம். ஆனால் இன்னும் உள்ளே காலடி வைக்காத ஒருவரை, வேலையை இழந்தவராகவே கருத வேண்டும் என்ற ஒப்புதல் அதில் இருந்தது. மின்னஞ்சலை எழுத உட்காருபவர் அந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது.

மின்னஞ்சலுக்கு முன் தொலைபேசி அழைப்பு வர வேண்டும். அதில் பெரிய நயம் எதுவும் தேவையில்லை. "நல்ல செய்தி இல்லை. உங்கள் ஆஃபரை நிறுவனம் திரும்பப் பெறுகிறது" என்பதை முதல் அரை நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். சந்தை நிலவரத்தில் தொடங்கிச் சுற்றி வளைத்தால், எதிர்முனையில் இருப்பவர் என்ன வரப்போகிறதோ என்ற பதற்றத்திலேயே அனைத்தையும் கேட்க நேரும். செய்தியைச் சொன்ன பிறகு பேசாமல் இருக்கவும் தெரிய வேண்டும். அதன் பின் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ராஜினாமா கொடுத்துவிட்டீர்களா, கடைசி வேலை நாள் எது?" என்பது. இரண்டாவது, "இதற்காக வேறு எந்த ஆஃபரையாவது மறுத்தீர்களா?" என்பது. வீடு மாறுதல், பணி விசா, முன்பணம் கட்டிய செலவுகள் ஆகியவை அடுத்து வரும். இந்தப் பதில்களைக் குறித்துக்கொண்டால்தான், அன்றைக்கே அனுப்பப்போகும் மின்னஞ்சலில் அடுத்த வழிகள் என்ற பகுதி அவருக்கென்றே எழுதியதாக இருக்கும்.

வழக்கமாக வரும் மின்னஞ்சல் எப்படி இருக்கும்? "எங்கள் நிறுவனத்தின் மீது நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி. தற்போதைய வணிகச் சூழலைக் கருத்தில்கொண்டு, உங்கள் ஆஃபரைத் தற்சமயம் முன்னெடுக்க இயலாத நிலையில் இருக்கிறோம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இது எங்களுக்கும் மிகக் கடினமான முடிவு. உங்கள் விவரங்களை எங்கள் பதிவில் வைத்திருப்போம்." இதில் கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் படிப்பவருக்கு வேலை போய்விட்டதா, தள்ளிப்போடப்பட்டிருக்கிறதா என்று தெரியாது. "தற்சமயம்" என்பதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இரண்டு மாதம் காத்திருக்கக்கூடும். "ஆர்வம்" என்பது விண்ணப்பித்தவருக்குச் சொல்லும் சொல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம் அதைச் சொல்வது, நடந்ததை இல்லை என்று சொல்வதற்குச் சமம். எங்களுக்கும் கடினம் என்ற வரியோ, துக்கம் கேட்கப் போன இடத்தில் தன் தலைவலியைச் சொல்வது போன்றது. இந்த முடிவு தன் திறமையைப் பற்றியதா, சரிபார்ப்பில் ஏதேனும் தவறாக வந்ததா என்று அவர் மனத்தில் எழும் கேள்விக்கும் அங்கே பதில் இல்லை.

மாற்றாக எழுதுவதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கு ஒருவர் மார்ச் 3 அன்று கையெழுத்திடுகிறார். மார்ச் 6 அன்று பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்கிறார். அங்கே நோட்டீஸ் காலம் 60 நாட்கள், ஆகவே மே 5 வரை வேலை. புதிய பணியில் சேர வேண்டிய நாள் மே 8. மார்ச் 24 அன்று நிறுத்தம் அறிவிக்கப்படுகிறது. கையெழுத்தான ஆஃபர்களும் அதில் அடங்கும் என்பது 26 அன்று முடிவாகிறது. அன்று காலை அழைத்துப் பேசியாயிற்று. மற்றொரு நிறுவனத்தின் ஆஃபரைப் பிப்ரவரி இறுதியில் மறுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அன்று மதியத்துக்குள் போக வேண்டிய மின்னஞ்சல் இது:

"பொருள்: மே 8 அன்று தொடங்கவிருந்த உங்கள் பணி ஆஃபர் திரும்பப் பெறப்படுகிறது

வணக்கம். இன்று காலை தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் உறுதிப்படுத்துகிறேன். தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்காக மார்ச் 3 அன்று நீங்கள் கையெழுத்திட்ட ஆஃபரை நிறுவனம் திரும்பப் பெறுகிறது. மே 8 அன்று நீங்கள் பணியில் சேர்வதற்கில்லை.

மார்ச் 24 அன்று நிறுவனம் எல்லாத் துறைகளிலும் ஆள்சேர்ப்பை நிறுத்தியது. இன்னும் பணியில் சேராதவர்களின் இடங்களும் அதில் அடங்கும் என்று இன்று முடிவாகியுள்ளது. உங்கள் நேர்காணலோ சான்றிதழ் சரிபார்ப்போ இதற்குக் காரணம் அல்ல. அவை அனைத்தும் நிறைவாகவே முடிந்திருந்தன.

எங்கள் எழுத்தை நம்பி மார்ச் 6 அன்று ராஜினாமா செய்தீர்கள், அதற்கு முன் வேறோர் ஆஃபரையும் மறுத்தீர்கள். அந்த நம்பிக்கையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தரப்பில் செய்பவை: ஆஃபரில் குறிப்பிட்ட ஒரு மாதச் சம்பளத்துக்கு இணையான தொகை ஏப்ரல் 10-க்குள் உங்கள் கணக்கில் செலுத்தப்படும், அதற்கு நிபந்தனை எதுவும் இல்லை. பணியில் சேர்வதற்காக நீங்கள் செய்த மருத்துவப் பரிசோதனைச் செலவை, ரசீதை அனுப்பினால் திருப்பித் தருவோம். நிறுவனம் தன் காரணங்களுக்காகவே ஆஃபரைத் திரும்பப் பெற்றது என்று கூறும் கடிதத்தை இணைத்துள்ளேன். அதை உங்கள் தற்போதைய நிறுவனத்திடமோ வேறு எவரிடமோ காட்டலாம். உங்களை நேர்காணல் செய்த குழுத் தலைவர் பரிந்துரை தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் விரும்பினால் செய்யக்கூடியவை: உங்கள் நோட்டீஸ் காலத்தில் இன்னும் 40 நாட்கள் இருப்பதால், ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று உங்கள் மேலாளரிடம் இன்றோ நாளையோ கேட்டுப் பாருங்கள். பிப்ரவரியில் மறுத்த நிறுவனத்துக்கும் எழுதிப் பாருங்கள். தேவைப்பட்டால் நானே அவர்களிடம் பேசுகிறேன். உங்கள் அனுமதி கிடைத்தால், இதே பணிக்கு ஆள் தேடும் எனக்குத் தெரிந்த ஆள்சேர்ப்பு அலுவலர்களுக்கு உங்கள் விவரக்குறிப்பை அனுப்புவேன். அனுமதியின்றி எவருக்கும் அனுப்ப மாட்டேன்.

இந்தப் பணியிடம் மீண்டும் திறக்குமா என்பது இப்போது எவருக்கும் தெரியாது. ஜூலையில் பணியிடங்கள் மறுபரிசீலனைக்கு வருகின்றன. முடிவு எதுவானாலும் ஜூலை 15-க்குள் உங்களுக்கு எழுதுவேன். அதை நம்பி வேறு எந்த வாய்ப்பையும் தள்ளிப்போட வேண்டாம். அந்த நேரத்தில் நான் இந்தப் பொறுப்பில் இல்லாவிட்டாலும் பதில் தரக்கூடிய சக ஊழியரை இந்த மின்னஞ்சலில் சேர்த்துள்ளேன்.

நாளை காலை 10 முதல் 1 மணி வரை எந்த நேரத்திலும் என்னை அழைக்கலாம்."

ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது முதலில் வருவதற்குக் காரணம், இருக்கும் வழிகளில் அதற்குத்தான் ஆயுள் மிகக் குறைவு. கொடுத்த ராஜினாமாவைத் தன் விருப்பப்படி திரும்பப் பெறும் உரிமை ஊழியருக்கு எல்லா இடத்திலும் இருப்பதில்லை. பல இடங்களில் நிறுவனம் சம்மதிக்க வேண்டும். 20 நாட்கள் கழிந்த நிலையில் மாற்று ஆளைத் தேடத் தொடங்கியிருப்பார்கள், ஆனால் அநேகமாக எவரையும் இன்னும் தேர்வு செய்திருக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் அந்த இடம் பேசி முடிந்திருக்கும். கேட்கும்போது நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. காரணத்தைக் கூறும் அந்தக் கடிதம் பயன்படுவது இங்கேதான். முழுமையாகத் திரும்பப் பெற அவர்கள் சம்மதிக்காவிட்டால், கடைசி நாளை ஒரு மாதம் நீட்டித்துத் தரக் கேட்பது நடைமுறைக்கு ஒத்த அடுத்த கோரிக்கை. அவர் ராஜினாமாவே கொடுக்காதவராக இருந்தால் இந்தப் பகுதி தேவையில்லை. கடைசி நாளும் முடிந்து வீட்டில் இருப்பவராக இருந்தால், ராஜினாமாவைத் திரும்பப் பெறச் சொல்லும் அறிவுரை வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகிவிடும். அவருக்குப் பணமும் பரிந்துரையும்தான் முதலில் வர வேண்டும்.

மறுத்த ஆஃபருக்கு மறுபடி எழுதுவதற்குப் பலர் கூசுவார்கள். ஆள்சேர்ப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நான்கைந்து வாரங்களுக்கு முன் மறுக்கப்பட்ட இடம் இன்னும் நிரம்பாமல் இருப்பது சாதாரணம். நிரம்பியிருந்தாலும், நேர்காணல் முழுவதையும் கடந்த ஒருவர் மீண்டும் கிடைக்கிறார் என்பது அவர்களுக்கும் லாபமே. இந்தத் தகவலை மின்னஞ்சலில் ஒரே வரியாகச் சேர்ப்பதைவிட அழைப்பில் விளக்கிச் சொல்வது அதிகம் உதவும்.

மன்னிப்பு என்ற சொல்லைச் சட்டப் பிரிவு அடித்துவிடும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் அறிந்ததே. தவற்றை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். ஆனால் பொறுப்பு எழுவது அந்தச் சொல்லால் அல்ல, நடந்த நிகழ்வுகளால். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 1981-ல் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், மருந்தாளுநர் ஒருவர் வேலை உறுதி என்று சொன்னதை நம்பி இருந்த வேலையை விட்டார், மற்றொரு வாய்ப்பையும் மறுத்தார். பிறகு அந்த வேலை அவருக்கு இல்லையென்று சொல்லப்பட்டது. அங்கே காரணம் ஆள்சேர்ப்பு நிறுத்தம் அல்ல. ஆனாலும் நீதிமன்றம் பார்த்தது, வாக்கை நம்பி அவர் எதை விட்டார் என்பதைத்தான். இழப்பீட்டையும் புதிய வேலையில் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தைக் கொண்டு கணக்கிடாமல், விட்ட வேலையையும் மறுத்த வாய்ப்பையும் கொண்டு கணக்கிடச் சொன்னது. இங்கிலாந்தில், நிபந்தனையற்ற ஆஃபரை ஒருவர் ஏற்ற பிறகு அது ஒப்பந்தமாகிவிடுகிறது. திரும்பப் பெற்றால் பொதுவாகக் குறைந்தது நோட்டீஸ் காலச் சம்பளத்துக்காவது அவர் உரிமை கோரலாம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால், பெறுபவர் தன் ஆஃபர் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளோடு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்பதே சரி. பணம் தருவதற்கு ஈடாக உரிமைகளை விட்டுக்கொடுக்கும் ஆவணத்தில் கையெழுத்துக் கேட்டால், அன்றே கையெழுத்திடக் கூடாது. கேட்கும் நிறுவனமும் அதற்கான அவகாசத்தை மின்னஞ்சலிலேயே குறிப்பிட வேண்டும். வருத்தச் செய்தியோடு அந்த ஆவணத்தையும் ஒன்றாக இணைத்து அனுப்பினால், மேலே எழுதிய எந்த வரியையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

மின்னஞ்சல் போன பிறகும் கெடுக்கக்கூடிய காரியங்கள் இருக்கின்றன; பெரும்பாலானவை இயந்திரத்தனமானவை. ஆஃபரில் கையெழுத்தானதும் பணியில் சேர்க்கும் மென்பொருள் தன் போக்கில் இயங்கத் தொடங்கியிருக்கும். அதை நிறுத்தாவிட்டால், திரும்பப் பெற்ற மூன்றாம் நாள் "எங்களோடு இணைய இன்னும் 40 நாட்களே!" என்ற வாழ்த்து மின்னஞ்சல் போய்ச் சேரும். மடிக்கணினி கூரியரில் கிளம்பும். முதல் நாள் அறிமுகக் கூட்டத்துக்கான அழைப்பு அவர் நாட்காட்டியிலேயே இருக்கும். அதே பணிக்கான விளம்பரம் வேலைவாய்ப்புத் தளத்தில் அப்படியே கிடப்பது இவற்றில் மிக மோசமானது: தேர்வானவர் அன்று மாலையே அதைத் தேடிப் பார்ப்பார், பார்த்ததும் நிறுத்தம் என்பதே பொய் என்று முடிவு செய்வார். ஆகவே விளம்பரத்தை எடுப்பது, தானியங்கி மின்னஞ்சல்களை நிறுத்துவது, அவரைப் பரிந்துரைத்த உள் ஊழியருக்குத் தகவல் சொல்வது ஆகிய மூன்றையும் தொலைபேசி அழைப்புக்கு முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும். பரிந்துரைத்தவருக்கு மட்டும் தேர்வானவரிடம் சொன்ன பிறகு, ஆனால் அதே நாளில், செய்தி போகட்டும்.

திரும்பப் பெறாமல் சேரும் நாளைத் தள்ளிவைக்கும் நிறுவனங்களும் உண்டு. மேலோட்டமாக இது கருணையாகத் தோன்றும். புதிய தேதி எழுத்தில் இருந்து, அதற்குரிய பணியிட ஒப்புதலும் நிதித் துறையிடம் இருந்தால் அது கருணைதான். ஒப்புதல் இல்லாமல் "இரண்டு மாதம் கழித்து" என்று சொல்லி, அது முடிந்ததும் மீண்டும் தள்ளினால், ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதற்கான அந்த 40 நாட்களும் அதற்குள் கரைந்திருக்கும். தள்ளிவைப்புச் செய்தி வந்தால் பெறுபவர் கேட்க வேண்டியது ஒன்றே: "இந்தப் பணியிடத்துக்கு இன்று ஒப்புதல் இருக்கிறதா?" நேரான பதில் வராவிட்டால், திரும்பப் பெறப்பட்டதாகவே கருதி வேலை தேடத் தொடங்கலாம்.

கடைசியாக, ஜூலை 15 பற்றி. அந்தத் தேதிக்கு ஆள்சேர்ப்பு அலுவலரின் நாட்காட்டியிலும், மின்னஞ்சலில் சேர்க்கப்பட்ட சக ஊழியரின் நாட்காட்டியிலும் நினைவூட்டல் இருக்க வேண்டும். ஆள்சேர்ப்பு நிற்கும் நிறுவனத்தில் அடுத்ததாக ஆட்டம் காணும் துறைகளில் ஆள்சேர்ப்புத் துறையும் ஒன்று என்பதால்தான் இரண்டு பேர். சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும், "இடம் திறக்கவில்லை, அடுத்த மறுபரிசீலனைத் தேதி எங்களுக்கு இன்னும் தரப்படவில்லை" என்று எழுதலாம். அதற்குள் அவர் வேறிடத்தில் சேர்ந்திருந்தால் ஒரு வரி பதில் வரும், இருவரும் அந்தக் கோப்பை மூடிவிடலாம்.